கார்டிங் மெஷின் பாதுகாப்பு வீடியோ: ஃப்ரீஸ் போட்டேன், பையன் மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்துவிட்டான்

நூல்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். வீடியோ எடிட்டிங் என் வேலை இல்லை. கேடென்லைவ் கொஞ்சம் தெரியும் என்று ஒருமுறை வாய்விட்டேன், அன்றிலிருந்து இதுவும் என் தலையில்.

பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினில் அடைப்பு எடுப்பதற்கு முன்னால் என்னென்ன செய்ய வேண்டும் என்று 6 நிமிட வீடியோ ஒன்று செய்தேன். மெஷின் பக்கத்தில் லேமினேட் செய்து தொங்கும் அட்டையில் 7 படிகள் இருக்கின்றன. பக்கத்து ஆட்களுக்கும் சூப்பர்வைசருக்கும் சொல்வது, ஸ்டாப் பட்டன், கரண்ட்டைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை ஆஃப் செய்வது, சொந்தப் பூட்டும் டேக்கும் மாட்டுவது, சிலிண்டர் முழுதாக நிற்கும்வரை காத்திருப்பது, ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஓடவில்லை என்று உறுதி செய்வது, அதன் பிறகுதான் கவரைத் திறப்பது. ஒவ்வொரு படிக்கும் மேல் மூலையில் பெரிய எண், கீழே ஒரு வரி எழுத்து. படி முடிந்ததும் 3 விநாடி ஃப்ரீஸ், அதாவது பார்ப்பவர் மனத்தில் வாங்கிக்கொள்ள ஒரு இடைவெளி. பார்க்க நன்றாகத்தான் வந்தது. மேனேஜர் கைகுலுக்கினார்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒடிசா பையன் ஒருவன், பூட்டு மாட்டிய கையோடு கவரைத் திறக்கப் போயிருக்கிறான். சிலிண்டர் இன்னும் நல்ல வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பழைய மெஷின், ஓடும்போது கவரைத் திறக்கவிடாத இன்டர்லாக் கிடையாது. பக்கத்தில் இருந்த ஃபிட்டர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. ஏன்டா என்று கேட்டால், "வீடியோவில் பூட்டு மாட்டியதும் நின்றுவிட்டதே" என்கிறான். திரும்பப் போட்டுப் பார்த்தேன். 5-ஆம் படியில் நான் ஃப்ரீஸ் போட்ட இடத்தில் சிலிண்டர் புல்லி உண்மையாகவே நின்ற மாதிரிதான் இருக்கிறது.

3 விநாடியை 5 ஆக்கினால் சரியாகுமா? எழுத்தைப் பெரிதாக்கவா? எங்கே தவறு செய்தேன் என்று யாராவது சொல்லுங்கள்.

வெட்டிஒட்டி

நண்பரே, நான் கல்யாண வீடியோ ஆள், ஆனால் ஒரு கம்பெனிக்கு இந்த மாதிரி மூன்று நான்கு செய்து கொடுத்திருக்கிறேன். இடைவெளி போதவில்லை என்பதுதான் பிரச்சினை. எழுத்தை மெதுவாக இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நேரம் படம் நிற்க வேண்டும். 3 விநாடியில் ஒரு வரியை ஒருமுறை படிக்கலாம், இரண்டாவது முறைக்குள் அடுத்த படி வந்துவிடும்.

கேடென்லைவில் ஒவ்வொரு இடமாகப் பிரேம் எடுத்து ஒட்டிக்கொண்டிருக்காதீர்கள். ஒவ்வொரு படியையும் தனிக் கோப்பாக எடுத்துக்கொண்டு கடைசிப் பிரேமை நீட்டிவிடுங்கள். ஒரு வரிக் கட்டளைதான்:

```
ffmpeg -i padi5.mp4 -vf "tpad=stop_mode=clone:stop_duration=6" -af "apad=pad_dur=6" padi5_niruthu.mp4
```

இதில் 6 என்பது விநாடி. ஏழு படிக்கும் ஏழு முறை ஓட்டினால் வேலை முடிந்தது.

ஃபிட்டர்அண்ணன்

தம்பி, மெஷின் நிற்காத பிரச்சினைக்கு வீடியோ என்ன செய்யும்? கார்டிங் சிலிண்டர் எடை தெரியுமா? கரண்ட்டை நிறுத்தினாலும் அது பாட்டுக்குச் சுற்றும். பிரேக் லைனிங்கைப் பாருங்கள், பெல்ட் டென்ஷன் பாருங்கள். எங்கள் மில்லில் ஒரு மெஷின் மட்டும் மற்றதைவிடச் சீக்கிரம் நிற்கும். எல்லோரும் நல்ல மெஷின் என்றார்கள். கழற்றிப் பார்த்தால் பேரிங் போய்விட்டிருந்தது!

நூல்காரன்

அண்ணா, மெஷினில் கோளாறு இல்லை. அது அப்படித்தான் சுற்றும் என்று எனக்கும் தெரியும். வீடியோவில் அது நின்ற மாதிரித் தெரிவதுதான் என் பிரச்சினை.

வெட்டிஒட்டி, கட்டளைக்கு நன்றி. ஓட்டிப் பார்த்தேன், வேலை செய்கிறது. ஆனால் இப்போது 6 விநாடி நின்ற மாதிரித் தெரிகிறது.

தறிமேடு

பதினைந்து வருடமாகத் தொழிற்சாலைகளுக்குப் பயிற்சி வீடியோ மட்டுமே செய்கிறேன். நூல்காரன் கடைசியாக எழுதிய வரிதான் விஷயமே. இடைவெளியின் நீளத்தில் தவறு இல்லை. எதை ஃப்ரீஸ் செய்தீர்கள் என்பதில்தான் தவறு.

ஓடுகிற மெஷினின் ஃப்ரீஸும் நின்ற மெஷினின் ஃப்ரீஸும் திரையில் ஒன்றுதான். எடிட் செய்தவருக்குப் படம் நிற்கிறது என்று தெரியும். முதல்முறை பார்க்கும் பையனுக்கு மெஷின் நிற்கிறது. அதுவும் எந்த இடத்தில்? "நிற்கும்வரை காத்திரு" என்று சொல்கிற படியில். உங்கள் எழுத்து ஒன்று சொல்கிறது, படம் வேறு ஒன்று சொல்கிறது. மொழி தெரியாதவர் படத்தைத்தான் நம்புவார்.

வெட்டிஒட்டி கொடுத்த கட்டளையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. `apad` போடுவது வெறும் மௌனம். கார்டிங் ஹாலில் வேலை செய்கிறவருக்கு மௌனம் என்றால் என்ன? மெஷின் நின்றுவிட்டது என்று அர்த்தம். ஆக, படமும் நின்றுவிட்டது, சத்தமும் நின்றுவிட்டது. அந்தப் பையன் வீடியோவைத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை, வீடியோ சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறான்.

நான் வைத்திருக்கும் வழக்கம் ஒன்றுதான்: உண்மையில் நின்றுகொண்டிருப்பதை மட்டும் ஃப்ரீஸ் செய்வது. பூட்டு, டேக், ஐசொலேட்டர் கைப்பிடி, அட்டை, இவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கலாம், யாரும் ஏமாற மாட்டார்கள். சுற்றுகிற, இறங்குகிற, வடிகிற எதையும் ஃப்ரீஸ் செய்வதில்லை. அங்கே இடைவெளி வேண்டும் என்றால் படம் ஓடிக்கொண்டே இருக்கும், குரல் மட்டும் நிற்கும். மெஷின் சத்தம் அடியில் ஓடும். எண்ணும் எழுத்தும் அசையாமல் இருக்கும். பார்ப்பவருக்கு இடைவெளி கிடைத்துவிடும், பொய்யும் இல்லை.

ஒரு கேள்வி. 6-ஆம் படி, ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது, வீடியோவில் எத்தனை விநாடி இருக்கிறது?

நூல்காரன்

சொல்ல வெட்கமாக இருக்கிறது. எண் வரும், பட்டன் அருகே கை போகும், அழுத்தும், கட். மொத்தம் 2 விநாடி இருக்கும். அழுத்தினதும் ஒன்றும் நடக்கவில்லை, வெறும் படம் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் வெட்டிவிட்டேன்.

தறிமேடு

இதைத்தான் எதிர்பார்த்தேன். எடிட்டிங் தெரிந்தவர்கள் எல்லோரும் இதே இடத்தில் கத்தரி வைப்பார்கள், நானும் வைத்திருக்கிறேன். ஒன்றும் நடக்காத காட்சியை வெட்டு என்பதுதான் நாம் முதலில் கற்றுக்கொண்டது. ஆனால் இந்தப் படியில் ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் காட்சி. தப்பான ஐசொலேட்டரை இறக்கியிருந்தால் மெஷின் ஓட ஆரம்பிக்கும், அதைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் இந்தப் படியே இருக்கிறது. அழுத்திய கையும் அசையாத புல்லியும் ஒரே ஃப்ரேமில் தெரிய, 5 விநாடியாவது ஓட வேண்டும். இரண்டையும் ஒரே ஃப்ரேமில் எடுக்க முடியவில்லை என்றால் பட்டனிலிருந்து கேமராவை வெட்டாமல் புல்லிக்குத் திருப்புங்கள். வெட்டினால் அது வேறு நேரத்தில் எடுத்த படமாக இருக்கலாம் என்ற சந்தேகம் வரும்.

அழுத்திப் பார்த்த பிறகு ஸ்டாப்பை அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதையும் காட்டுங்கள். அது உங்கள் அட்டையில் இருக்கிறதா?

நூல்காரன்

இல்லை. சேஃப்டி ஆபீசரிடம் கேட்கிறேன். சேர்த்தால் 8 படி ஆகிவிடுமே, எல்லா எண்ணையும் மாற்ற வேண்டும்.

கனகா_பயிற்சி

சேர்க்கச் சொல்லுங்கள், ஆனால் புது எண் வேண்டாம். 6-க்கு உள்ளேயே இருக்கட்டும். நான் வகுப்பு எடுக்கிறவள், வீடியோ செய்வதில்லை, ஆனால் வீடியோவில் எண் 8, மெஷினில் தொங்கும் அட்டையில் எண் 7 என்று இருந்தால் என்ன ஆகும் என்று தெரியும். எங்கள் ஊழியர்கள் படியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "அஞ்சு ஆச்சா? ஆறு பண்ணு" என்பார்கள். ஹிந்திக்காரர், ஒடியாக்காரர், நம்ம ஊர் அக்காக்கள், எல்லோருக்கும் பொதுவாக இருப்பது அந்த எண் மட்டும்தான். நடுவில் ஒரு எண் நகர்ந்தால் அதற்கு மேல் உள்ள எல்லாம் பொய்யாகிவிடும்.

இன்னொன்று. எச்சரிக்கைக்கு எண் கொடுக்காதீர்கள். எங்கள் பழைய வீடியோ ஒன்றில் "துப்பட்டாவை, தொங்கும் உடையைச் செருகிக்கொள்ளவும்" என்பதற்கு 1 என்று போட்டிருந்தார்கள், ஸ்டாப் பட்டன் 3 ஆகிவிட்டது. அட்டையில் அது 2. ஒரு வருடம் நான் அதை வாயால் திருத்திக்கொண்டே இருந்தேன்.

வெட்டிஒட்டி

எண் மாறினால் ரெண்டர் ஆன வீடியோவில் மாற்ற முடியாது என்பது சரி. அதனால்தான் எண்ணைத் தனி ட்ராக்கில் வைக்க வேண்டும். 1 முதல் 9 வரை பின்னணி இல்லாத பி.என்.ஜி. படங்களாகச் செய்து வைத்துக்கொண்டால் எந்த வீடியோவுக்கும் ஆகும்.

ஃப்ரீஸ் விஷயத்தில் தறிமேடு சார் சொல்வது புரிகிறது. ஆனால் ஒரு சந்தேகம். ஃப்ரீஸ் இல்லாமல் ஓடும் படத்தையே விட்டால் சுற்றுவது தெரிந்துவிடும் என்கிறீர்கள். நூல்காரன், உங்கள் ஒரிஜினல் படத்தில் புல்லி சுற்றுவது தெரிகிறதா?

நூல்காரன்

நல்ல வேளை கேட்டீர்கள். இப்போதுதான் ஒரிஜினலைப் போட்டுப் பார்த்தேன். ஃபோனில் எடுத்தது, 30 பிரேம். ஸ்டாப் அழுத்துவதற்கு முன்னால், ஃப்ரீஸ் எதுவும் இல்லாமலே, புல்லி நின்ற மாதிரிதான் இருக்கிறது! ஸ்டாப் அழுத்தின பிறகு மெதுவாகப் பின்பக்கம் சுற்றுகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது. ஃபோனில் கோளாறா?

தறிமேடு

ஃபோன் சரியாகத்தான் இருக்கிறது. புல்லியில் எத்தனை ஆரக்கால்? சிலிண்டர் எத்தனை ஆர்.பி.எம்.?

நூல்காரன்

4 ஆரம். சிலிண்டர் 450.

தறிமேடு

அப்படியானால் கணக்கு கச்சிதம். நிமிடத்துக்கு 450 சுற்று என்றால் விநாடிக்கு ஏழரை. கேமரா விநாடிக்கு 30 படம் எடுக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் புல்லி சரியாகக் கால் சுற்று சுற்றுகிறது. 4 ஆரம் இருப்பதால், முதல் ஆரம் இருந்த இடத்தில் அடுத்த படத்தில் இரண்டாவது ஆரம் வந்து நிற்கும். நான்கும் ஒரே மாதிரி இருப்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஸ்டாப் அழுத்தி வேகம் கொஞ்சம் குறைந்ததும், ஒவ்வொரு படத்திலும் ஆரம் கால் சுற்றுக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடுகிறது, அதனால் பின்னோக்கிச் சுற்றுவது போல் தெரிகிறது.

ஹாலில் விளக்கு நன்றாக இருந்தால் ஃபோன் ஒவ்வொரு படத்தையும் சட்டென்று எடுத்து முடித்துவிடும். அதனால் ஆரங்கள் கலங்காமல் கூர்மையாக வரும், ஏமாற்று இன்னும் பலமாகும்.

ஃபிட்டர்அண்ணன்

இதைத்தான் நான் சொல்ல வந்தேன்! வீடியோவே வேண்டாம், நேரிலேயே நடக்கும். பழைய டியூப்லைட் காலத்தில் லேத்துக்கு மேல் ஒரே ஒரு டியூப் இருக்கும். ஓடுகிற சக் நின்ற மாதிரித் தெரியும். விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறதே, அதுதான் காரணம். அதனால்தான் பக்கத்துப் பக்கத்து டியூப்களை வேறு வேறு ஃபேஸில் கொடுப்போம். ஒன்று மங்கும்போது இன்னொன்று பிரகாசமாக இருக்கும். என் குருநாதர் அதைச் சொல்லிக் கொடுத்தபோது கையில் ஒரு அடியும் கொடுத்தார், அதனால் மறக்கவில்லை.

வெட்டிஒட்டி

அப்போ தீர்வு சுலபம். 25 பிரேமில் எடுங்கள். நம் ஊர் கரண்ட் 50 சைக்கிள், 25-இல் எடுத்தால் விளக்குப் பட்டையும் ஓடாது, இந்தப் பிரச்சினையும் போய்விடும்.

தறிமேடு

விளக்குப் பட்டை விஷயம் சரி. 25 பிரேமும் ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டரும் வைத்தால் படத்தின் குறுக்கே ஓடும் கறுப்புப் பட்டை பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் புல்லிக்கு அது பாதித் தீர்வு. 450-இல் சுற்றும்போது 25 பிரேமில் மெதுவாக முன்னால் சுற்றுவதுபோல் தெரியும், உண்மை வேகத்தில் ஆறில் ஒரு பங்குதான். பையன் "மெதுவாகச் சுற்றுகிறது, நின்றுவிடப்போகிறது" என்று நினைப்பான். அப்புறம் வேகம் குறைந்து 375-க்கு வரும்போது, அதே கால் சுற்றுக் கணக்கு 25-க்கும் பொருந்திவிடும், மறுபடி நின்ற மாதிரித் தெரியும். நிற்கும் வரையில் சிலிண்டர் எல்லா வேகங்களையும் கடந்துதான் வரும். எந்தப் பிரேம் எண்ணை வைத்தாலும் அது ஏதோ ஒரு வேகத்தில் ஏமாற்றும்.

பிரேமை மாற்றுவதைவிடப் புல்லியை மாற்றுவது சுலபம். மெஷின் பூட்டி நிற்கும்போது ஒரே ஒரு ஆரத்தில் வெள்ளையாக ஒரு அடையாளம் போடுங்கள். இப்போது நான்கு ஆரமும் ஒரே மாதிரி இல்லை. 30 பிரேமில் அந்த வெள்ளை மேலே, பக்கத்தில், கீழே, மறுபக்கம் என்று தாவிக்கொண்டே இருக்கும். எந்த முட்டாள் கேமராவும் அதை நின்ற மாதிரிக் காட்டாது, 1800 ஆர்.பி.எம். வந்தால் தவிர. உங்கள் சிலிண்டர் அங்கே போகாது.

அந்த அடையாளம் வீடியோவுக்கு மட்டும் அல்ல. நேரில் பார்க்கிறவருக்கும் அதுதான் கண்.

கனகா_பயிற்சி

இதை வகுப்பில் பயன்படுத்தலாம் போலிருக்கிறதே! அந்தப் பழைய, பின்பக்கம் சுற்றுகிற படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். சத்தம் இல்லாமல் 10 விநாடி போட்டு, "நின்றுவிட்டதா?" என்று கேட்டு நிறுத்திவிடுவேன். பாதிப் பேர் நின்றுவிட்டது என்பார்கள். அப்புறம் அதையே சத்தத்தோடு போட்டால் போதும்.

நிறுத்துவதைப் பற்றி ஒரு கோரிக்கை. வகுப்பில் நான் ஸ்பேஸ் பாரைத் தேடுவதற்குள் அடுத்த படி ஓடிவிடுகிறது. மூன்று விநாடி, ஆறு விநாடி என்று நீங்கள் முடிவு செய்வதைவிட, ஒவ்வொரு படி முடிவிலும் வீடியோ தானாக நின்று, நான் தட்டினால் மேலே போகிற மாதிரிச் செய்ய முடியாதா? ஒரு வகுப்பில் 4-ஆம் படிக்குக் கேள்வியே வராது, இன்னொரு வகுப்பில் பத்து நிமிடம் பேசுவார்கள். சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்ற ஒரு கேள்விக்கே அரை மணி போன நாள் உண்டு.

தறிமேடு

முடியும், அதுவும் எளிதாக. கனகா மேடம் மாதிரிப் பயிற்சியாளர் முன்னால் நின்று எடுக்கும் வகுப்புக்கு நான் ஒரே வீடியோவாகக் கொடுப்பதே இல்லை. ஏழு படிக்கு ஏழு கோப்பு. வி.எல்.சி.யில் இப்படித் திறந்தால் ஒவ்வொரு கோப்பும் முடியும்போது கடைசிப் பிரேமில் தானாக நிற்கும், தட்டினால் அடுத்தது வரும்:

```
vlc --play-and-pause padi1.mp4 padi2.mp4 padi3.mp4
```

கட்டளை எழுதப் பிடிக்காதவர்களுக்கு செட்டிங்ஸிலும் அதே தேர்வு இருக்கிறது.

ஆனால் கவனியுங்கள், இதுவும் ஃப்ரீஸ்தான். கடைசிப் பிரேமில் எது இருக்கிறதோ அதுதான் பத்து நிமிடம் திரையில் நிற்கும். அதனால் 2-ஆம் படியின் கடைசிப் பிரேம் ஸ்டாப் பட்டனில் முடியட்டும், புல்லியில் வேண்டாம். 5-ஆம் படி, சிலிண்டர் உண்மையாகவே நின்ற பிறகு முடியட்டும்.

நூல்காரன்

5-ஆம் படியில் ஒரு நடைமுறைச் சிக்கல். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். எங்கள் மெஷினில் ஸ்டாப் அழுத்தியதிலிருந்து முழுதாக நிற்க 7 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது. மொத்த வீடியோவே 6 நிமிடம். இதை எப்படிக் காட்டுவது? முதலில் வேகமாக ஓட்டலாம் என்று நினைத்து 20 மடங்கு வேகத்தில் போட்டுப் பார்த்தேன், 21 விநாடியில் நின்றுவிடுகிறது. அழகாக இருக்கிறது, ஆனால் உங்கள் பேச்சைக் கேட்ட பிறகு பயமாக இருக்கிறது.

தறிமேடு

பயப்படுவது சரி. 21 விநாடியில் நின்றதைப் பார்த்தவன் மெஷின் முன்னால் 21 விநாடிதான் நிற்பான், வேகமாக ஓட்டியிருக்கிறார்கள் என்று அவனுக்கு யார் சொன்னது?

நான் செய்வது இது. புல்லியும் ஸ்டாப்வாட்சும் ஒரே ஃப்ரேமில் தெரிய, முக்காலியில் கேமராவை வைத்து 7 நிமிடமும் வெட்டாமல் எடுங்கள். கையில் பிடித்த வாட்ச் வேண்டாம், சுவரில் ஒட்டுங்கள், கை ஆடினால் கண் அங்கே போகும். அதிலிருந்து மூன்று துண்டு எடுங்கள். ஸ்டாப் அழுத்தியது முதல் 10 விநாடி. பிறகு வாட்ச் 3 நிமிடம் காட்டும் இடத்தில் 8 விநாடி, இங்கே சிலிண்டர் சத்தமே இல்லாத மாதிரி ஓடும், ஆனால் வெள்ளை அடையாளம் சுற்றிக்கொண்டிருக்கும். இந்தத் துண்டுதான் ஆபத்தான இடம், குரலும் எழுத்தும் இங்கேதான் வர வேண்டும். கடைசியாக நிற்கும் கணமும் அதற்குப் பிறகு 5 விநாடியும். துண்டுகளுக்கு இடையில் மங்கச் செய்து சேர்க்காதீர்கள். கறுப்புத் திரை, அதில் வாட்ச் நேரம் மட்டும் பெரிதாக, 2 விநாடி. எண் 5 மட்டும் மூலையில் கறுப்பிலும் அப்படியே இருக்கட்டும், படி மாறவில்லை என்று தெரிய வேண்டும்.

மொத்தம் 30 விநாடிக்குள் முடியும். ஒவ்வொரு துண்டும் உண்மை வேகத்தில்தான் ஓடுகிறது, விட்ட நேரம் எவ்வளவு என்று திரையே சொல்கிறது.

கனகா_பயிற்சி

நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன், மன்னிக்கவும். முதல் பயிற்சியில் ஒருமுறையாவது முழு 7 நிமிடமும் ஓட்ட வேண்டும், வகுப்பே உட்கார்ந்து பார்க்க வேண்டும். 7 நிமிடம் எவ்வளவு நீளம் என்பது உடம்புக்குத் தெரிய வேண்டும். எண்ணால் சொன்னால் தெரியாது.

நூல்காரன்

மேடம், எங்கள் புரொடக்ஷன் மேனேஜர் வகுப்புக்கே மொத்தம் 40 நிமிடம்தான் தருகிறார்.

கனகா_பயிற்சி

அந்த 40-இல்தான் சொல்கிறேன்.

தறிமேடு

நான் மூன்று துண்டு முறையில்தான் நிற்பேன். 7 நிமிடம் ஒரு புல்லியைப் பார்க்கச் சொன்னால் மூன்றாவது நிமிடத்தில் ஃபோன் வெளியே வந்துவிடும். ஆனால் மேடம் நேரில் வகுப்பு எடுக்கிறார், நான் எடுப்பதில்லை. வெட்டாத கோப்பைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள், யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும்.

ஃபிட்டர்அண்ணன்

7 நிமிடம் என்று வீடியோவில் எழுதாதீர்கள் தம்பி. நான் முதலில் சொன்ன பேரிங் கதை நினைவிருக்கிறதா? மெஷினுக்கு மெஷின் மாறும். 7 நிமிடம் என்று எழுதினால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திறப்பான், சிலிண்டரைப் பார்க்க மாட்டான்.

தறிமேடு

அண்ணன் சொல்வது மிகச் சரி. வாட்ச் காட்டலாம், ஆனால் எழுத்தில் "7 நிமிடம் காத்திரு" என்று வரக்கூடாது. "வெள்ளைக் குறி நின்றதைக் கண்ணால் பார்" என்றுதான் வர வேண்டும். இதை நான் யோசிக்கவில்லை.

நூல்காரன்

சரி, இது வரை புரிந்ததை வைத்து மறுபடி எடுக்கப்போகிறேன். இன்னும் இரண்டு தலைவலி.

ஒன்று, ஆபீசில் தட்டச்சு செய்து கொடுத்த படி எழுத்தை டைட்டிலில் ஒட்டினால் `ghJfhg;G` என்று வருகிறது.

இரண்டு, குரல் மூன்று மொழியில் வேண்டும். தமிழில் 4-ஆம் படிக்கு 9 விநாடி, ஹிந்தியில் 8, ஒடியாவில் 12. படத்தை எதற்கு வெட்டுவது?

வெட்டிஒட்டி

முதலாவது எனக்குத் தெரியும். அது பாமினி எழுத்துருவில் அடித்தது, "பாதுகாப்பு" என்றுதான் இருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள், மாற்றுவதற்கு இணையத்திலேயே நிறையப் பக்கங்கள் உண்டு. மாற்றிய பிறகு கொம்பு, கால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை கண்ணால் படித்துவிடுங்கள்.

இரண்டாவதுக்கு மூன்று மொழிக்கும் மூன்று டைம்லைன். வேலை அதிகம், ஆனால் சுத்தமாக இருக்கும்.

தறிமேடு

மூன்று டைம்லைன் வேண்டாம். நாளைக்கு ஒரு படி மாறினால் மூன்று இடத்தில் மாற்ற வேண்டும், ஒன்றில் மறந்துபோவீர்கள். படத்தை மிக நீளமான மொழிக்கு வெட்டுங்கள். 4-ஆம் படிக்கு ஒடியா 12, அதோடு இடைவெளி 4, ஆக 16 விநாடி. தமிழில் குரல் 9-இல் முடிந்துவிடும், மிச்சம் 7 விநாடி இடைவெளியாகிவிடும், அதனால் நஷ்டம் இல்லை. பூட்டு அசையாமல் தொங்குகிறது, எவ்வளவு வேண்டுமானாலும் ஃப்ரீஸ் நீட்டலாம்.

அசைகிற படிகளில்தான் கஷ்டம். ஃப்ரீஸ் இல்லை என்பதால் நீட்ட முடியாது, எடுத்த படம் நீளமாக இருக்க வேண்டும். எடுக்கும்போதே ஒவ்வொரு ஷாட்டையும் 30 விநாடி விடுங்கள். படம் போதவில்லை என்று முன்னும் பின்னுமாக ஓட்டி நீட்டாதீர்கள், புல்லி திசை மாறிச் சுற்றும், ஃபிட்டர் யாராவது பார்த்தால் சிரிப்பார்.

எண்ணுக்கு ஒரே ஒரு சொல். எண் முதலில் வரட்டும், அரை விநாடி கழித்துக் கை அசையட்டும். கை அசைந்த பிறகு எண் வந்தால் கண் எண்ணுக்குப் போகும், செய்ததைத் தவறவிடும். நான் படத்தின் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு எண் வைப்பேன், ஃபோனில் பார்த்தாலும் படிக்கலாம். எப்போதும் ஒரே மூலை.

ஃபிட்டர்அண்ணன்

ஒரு விஷயம் விட்டுவிட்டீர்கள். ஆரத்தில் அடையாளம் என்று டேப்பை ஒட்டிவிடாதீர்கள். அந்த வேகத்தில் பிய்த்துக்கொண்டு போய் எங்காவது சுற்றிக்கொள்ளும், அப்புறம் அதை எடுக்க நான் கவரைத் திறக்க வேண்டும். எனாமல் பெயின்ட் அடியுங்கள். எண்ணெயைத் துடைத்துவிட்டு அடித்தால்தான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை நிறுத்தும்போது அடித்தால் திங்கள் காலைக்குள் காய்ந்துவிடும்.

நூல்காரன்

இந்த ஞாயிறே அடிக்கச் சொல்லியிருக்கிறேன் அண்ணா. 12 மெஷின் இருக்கிறது, எல்லாவற்றிலும் அடிக்கலாமா என்று சேஃப்டி ஆபீசர் கேட்கிறார். திங்கள் முதல் ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன் 5-ஆம் படியை எடுத்துவிடுவேன். முடித்ததும் இங்கே எழுதுகிறேன்.

ஒடியா குரலுக்கு ஆள் இன்னும் கிடைக்கவில்லை. அந்தப் பையனையே பேசச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். "நான் ஏமாந்த இடத்தை நானே சொல்கிறேன்" என்கிறான், குரலும் நன்றாக இருக்கிறது. மேனேஜர்தான் வேண்டாம் என்கிறார்.

கனகா_பயிற்சி

பேச விடுங்கள். மேனேஜரிடம் நான் வேண்டுமானால் பேசட்டுமா?